செவ்வாய்க்கிழமை மெயில் தடை: என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்கிறோம்

குன்னூர் தலைமை அலுவலகம், கோத்தகிரி மற்றும் குந்தா பகுதித் தொழிற்சாலைகளின் பணியாளர்கள் அனைவருக்கும் கணினிப் பிரிவின் அறிக்கை.

முதலில் உடனே செய்ய வேண்டியது. செவ்வாய் காலை 6.20 முதல் மதியம் 12.25 வரை நீங்கள் வெளியாருக்கு அனுப்பிய எந்த மெயிலும் போய்ச் சேரவில்லை. "சென்ட்" பெட்டியில் இருந்தாலும் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் `MAILER-DAEMON` என்ற பெயரில், `Undelivered Mail Returned to Sender` என்ற தலைப்புடன் ஒரு மெயில் உங்களுக்குத் திரும்பி வந்திருக்கும். அதைப் பார்த்து மறுபடி அனுப்புங்கள். அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பியவை போய்விட்டன. ஆனால் பலருடைய போனில் அவை இன்பாக்ஸின் மேலே தெரியாது, 2023-ஆம் ஆண்டு மெயில்களுக்கு நடுவே கிடக்கும். அனுப்பியவர் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். வெளியிலிருந்து நமக்கு வந்த மெயில் எதுவும் தொலையவில்லை, தாமதமாகத்தான் வந்தது.

2023 எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த அறிக்கையின் விஷயமே.

நடந்தது

திங்கள் இரவு 9.40-க்குக் கட்டபெட்டுப் பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம் மின்கம்பியில் சாய்ந்தது. ஐப்பசி மழையில் இது நமக்குப் புதிதல்ல. மின்வாரியத்து ஆட்கள் அந்த மழையிலும் வேலை செய்து காலை 6.15-க்கு மின்சாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். நம் யுபிஎஸ் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். அதன்படியே இரவு 1.50 வரை தாங்கியது. பேட்டரி தீரப்போகிறது என்று அது சைகை கொடுத்ததும் மெயில் சர்வர் முறையாகத் தன்னை அணைத்துக்கொண்டது. சிறிது நேரத்தில் யுபிஎஸ்ஸும் முழுக்க நின்றது. மின்சாரம் வந்ததும் எல்லாம் தானாகவே எழுந்தன. 6.20-க்கு மெயில் சர்வர் இயங்கத் தொடங்கிவிட்டது. அறைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குப் பச்சை விளக்குகள்தான் தெரிந்தன.

காலையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, வரவும் வழியில்லை. மெயில் திறந்தது, பாஸ்வேர்டு ஏற்றது, அனுப்பினால் "அனுப்பப்பட்டது" என்றது. 11.10-க்கு ஏல புரோக்கர் அலுவலகத்திலிருந்து நம் விற்பனைப் பிரிவுக்குப் போன் வந்தது. வியாழன் ஏலத்துக்குக் கேட்டிருந்த லாட் விவரம் இன்னும் வரவில்லையே என்றார்கள். "காலையில எட்டு அம்பதுக்கே அனுப்பிட்டேன் சார், சென்ட்லயே இருக்கு பாருங்க" என்று நம் பெண் சொன்னது முழு உண்மை. அவர் பக்கத்தில் ஒரு தவறும் இல்லை.

எங்களுக்கு முதலில் தோன்றியது இன்டர்நெட் லைன். பர்லியார் பக்கம் மண் சரிந்து ஃபைபர் அறுபடுவதை அடிக்கடி பார்த்துப் பழகியதால், மழைக்காலத்தில் எது நின்றாலும் கை அங்கேதான் போகிறது. ஆனால் அலுவலகத்து வைஃபையில் போன்கள் நன்றாக இயங்கின. லைனில் கோளாறில்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் இணைப்பு தரும் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன சோதனைகளைச் செய்வதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று.

பிறகு சர்வருக்குள் போய் மெயில் வரிசையைப் பார்த்தோம். வெளியே போக வேண்டிய மெயில் எல்லாம் ஒரே காரணத்தைச் சொல்லிக் காத்துக்கொண்டிருந்தன:

```
status=deferred (Host or domain name not found.
Name service error for name=gmail.com type=MX:
Host not found, try again)
```

மெயில் சர்வருக்கு முகவரியின் பெயர் தெரியும், அந்தப் பெயருக்குரிய இயந்திரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்பது இதன் பொருள். பெயரைத் தேடித் தரும் டிஎன்எஸ் வேலையை நம் சர்வர் தானே செய்கிறது, அன்பவுண்ட் என்ற மென்பொருள் வழியாக. போன்களும் மேசைக் கணினிகளும் ரூட்டர் வழியே இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைக் கேட்கின்றன. ஊரெல்லாம் இன்டர்நெட் இருக்க, மெயில் சர்வருக்கு மட்டும் ஒரு பெயரும் கிடைக்காமல் போனது இந்த வேறுபாட்டால்தான்.

முடிச்சை அவிழ்த்தது இந்த இரண்டு வரிச் சோதனை:

```
$ dig +short MX gmail.com
$ dig +short +cd MX gmail.com
5 gmail-smtp-in.l.google.com.
10 alt1.gmail-smtp-in.l.google.com.
20 alt2.gmail-smtp-in.l.google.com.
30 alt3.gmail-smtp-in.l.google.com.
40 alt4.gmail-smtp-in.l.google.com.
```

முதல் கேள்விக்குப் பதிலே இல்லை. இரண்டாவதில் உள்ள `+cd` என்பது "பதிலில் இட்டிருக்கும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்காமல் பதிலை மட்டும் கொடு" என்ற கட்டளை. அதற்கு உடனே பதில் வந்தது. அப்படியானால் பதில் வருகிறது, சர்வர்தான் அதை நம்ப மறுக்கிறது. கையெழுத்து ஏன் செல்லுபடியாகவில்லை என்று யோசித்து `date` என்று அடித்தோம். 2023 என்றது.

காரணம்

மின்சாரமே இல்லாதபோதும் கணினி நேரத்தை மறக்காமல் இருக்க மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரி இருக்கும். CR2032 என்று பெயர், 3 வோல்ட், தெருமுனைக் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். நம் சர்வரில் இருந்ததைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தபோது 1.4 வோல்ட் காட்டியது. அது எப்போதோ செத்துவிட்டது.

இது இத்தனை நாள் தெரியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, சர்வர் அணைந்திருந்தாலும்கூட, கடிகாரம் மின்சாரத்திலேயே ஓடும். பேட்டரிக்கு வேலை வருவது மின்சாரம் அறவே அற்றுப்போனால் மட்டும். மென்பொருள் புதுப்பிப்புக்காகச் சர்வரை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் நேரம் சரியாகவே இருக்கும். மற்ற மின்வெட்டுகளில் யுபிஎஸ் தீரும் முன் மின்சாரம் வந்துவிட்டது. யுபிஎஸ் முழுதாக வற்றிய திங்கள் இரவில்தான் பேட்டரிக்குச் சோதனை வந்தது.

பேட்டரி போனால், கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் தன் தொடக்கத் தேதிக்குப் போய்விடும். நம் சர்வரை இயக்கும் லினக்ஸோ, தான் உருவாக்கப்பட்ட நாளுக்கு முந்தைய தேதியை ஏற்காது, அந்த நாள்வரை கடிகாரத்தைத் தானே முன்னே தள்ளிவிடும். பொதுவாக அது நல்ல ஏற்பாடு. இங்கே அதனால் தேதி 2023-இல் வந்து நின்றது. ஏதோ மிகப் பழைய ஆண்டைக் காட்டியிருந்தால் ஒருவேளை முன்பே கண்ணை உறுத்தியிருக்கும்.

நேரம் தவறினால் இணையத்திலுள்ள நேர சர்வர்களைக் கேட்டுத் திருத்திக்கொள்ள குரோனி என்ற மென்பொருள் இருக்கிறது. அது ஏன் திருத்தவில்லை? திருத்த முடியாத ஒரு வட்டத்தில் மாட்டிக்கொண்டது.

டிஎன்எஸ் பதில்களை யாரும் இடையில் புகுந்து மாற்றாமலிருக்க அவற்றில் டிஜிட்டல் கையெழுத்து இடுகிறார்கள். டிஎன்எஸ்செக் என்பது இதுதான். ஒவ்வொரு கையெழுத்துக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. எல்லாப் பெயர்களுக்கும் மேலே இருக்கும் வேர் மண்டலத்தில் அந்தக் காலம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கும் குறைவு. 2023-இல் நிற்கும் சர்வருக்கு இன்றைய கையெழுத்து எதிர்காலத்தில் இடப்பட்டதாகத் தெரியும். அடுத்த மாதத் தேதி போட்ட செக்கை இன்று வங்கி வாங்காதது போல, அன்பவுண்ட் அதைத் தள்ளிவிட்டது. வேரிலேயே நம்பிக்கை போனதால் அதன் கீழுள்ள ஒரு பெயருக்கும் பதில் சொல்லவில்லை.

குரோனியின் அமைப்பில் நேர சர்வர்களைப் பெயராகத்தான் எழுதியிருந்தோம், எண் முகவரியாக அல்ல. நேரம் தவறு, அதனால் பெயர் கிடைக்கவில்லை. பெயர் கிடைக்காததால் நேரத்தைத் திருத்த வழியில்லை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் நின்றன. எந்த மென்பொருளும் தன்னளவில் தவறு செய்யவில்லை. ஒவ்வொன்றும் எழுதிவைத்தபடியே நடந்தது.

மெயில் வரிசையில் இருந்த 63 மெயிலுக்கு நேர்ந்தது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு நேர்ந்த தொல்லையில் பெரும்பகுதி தடையால் வந்ததல்ல, தடையை நீக்கிய விதத்தால் வந்தது.

மெயிலை எடுத்து அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள், போக முடியாத மெயிலை ஐந்து நாள் வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். ஐந்து நாளைத் தாண்டிய மெயிலை மறுபடி முயன்று, அப்போதும் போகாவிட்டால், அனுப்பியவருக்கே திருப்பிவிடும். செவ்வாய் காலை நீங்கள் அனுப்பியவற்றை அது 2023-இல் வந்ததாகக் குறித்து வரிசையில் வைத்திருந்தது.

12.25-க்குக் கடிகாரத்தைக் கையால் இன்றைய நேரத்துக்கு மாற்றினோம். அந்த நொடியே 63 மெயிலும் இரண்டு ஆண்டுக்கு மேல் பழையவை ஆகிவிட்டன. கடிகாரம் தாவியதால், "அடுத்த முயற்சி இத்தனை மணிக்கு" என்று குறித்திருந்த எல்லா நேரமும் கடந்துபோய், போஸ்ட்ஃபிக்ஸ் அத்தனையையும் ஒரே மூச்சில் எடுத்து அனுப்பப் பார்த்தது. அப்போது லைன் இருந்திருந்தால் பெரும்பாலானவை அப்படியே போயிருக்கும். ஆனால் அதே நேரத்தில் கீழ்த்தளத்தில், உதவி எண்ணில் சொன்னபடி, ரூட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே கடிகாரம் சிக்கியது கீழே தெரியாது, கீழே ரூட்டர் அணைந்தது மேலே தெரியாது. ரூட்டர் எழுந்து இணைப்புப் பெற நான்கு நிமிடம் ஆகும். அதற்குள் முயற்சி தோற்றது, மெயிலின் வயதைப் பார்த்தது, முடிவு கட்டிவிட்டது:

```
status=expired, returned to sender
```

இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஒரு சான்று இருக்கிறது. திங்கள் மாலை, மின்சாரம் போவதற்கு முன்பே ஏதோ காரணத்தால் போகாமல் வரிசையில் இருந்த மூன்று மெயில்களும் அதே நான்கு நிமிடத்தில் முயன்று தோற்றன. அவற்றில் இருந்தது சரியான தேதி. அதனால் அவை திருப்பப்படவில்லை, வரிசையிலேயே இருந்து, லைன் வந்த சிறிது நேரத்தில் மூன்றும் போய்ச் சேர்ந்தன.

சரியான வரிசை இப்படி இருந்திருக்க வேண்டும்: முதலில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துவது, பிறகு கடிகாரத்தைத் திருத்துவது, லைனும் பெயர்த் தேடலும் சரியாக இருப்பதை `dig` மூலம் பார்ப்பது, அதன் பின்னரே போஸ்ட்ஃபிக்ஸைத் தொடங்குவது. இதிலும் ஒரு குறை உண்டு. சில நிறுவனங்களின் சர்வர்கள் புதிய மெயிலை முதல் தடவை "சற்றுப் பொறுத்து வா" என்று தள்ளிவைக்கும். பழைய தேதி ஏறிய மெயிலுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை, உடனே திரும்பிவிடும். ஆகவே சில மெயில் அப்போதும் திரும்பியிருக்கும், 63-ம் அல்ல.

யாருக்கு என்ன பாதிப்பு

விற்பனைப் பிரிவுக்குத்தான் அடி அதிகம். லாட் விவரத்தைப் போனில் சொல்லி, பிறகு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, வியாழன் ஏலத்தைத் தவறவிடாமல் காப்பாற்றினார்கள். மேட்டுப்பாளையம் இறங்க வேண்டிய ஒரு லாரி, சரக்கு வாங்குபவரின் உத்தரவுக் கடிதத்துக்காக மாலைவரை நின்றது. கணக்குப் பிரிவிலிருந்து போன பில்கள் திரும்பி வந்து, மறுநாள் மறுபடி போயின. ஒரு மெயிலில் வெளியாரும் நம்மவரும் சேர்ந்து இருந்திருந்தால் நம்மவருக்கு முதலிலேயே கிடைத்திருக்கும். நீங்கள் மறுபடி அனுப்பும்போது அவர்களுக்கு இரண்டாவது பிரதி வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

உள்ளே வர வேண்டிய மெயில் தப்பியதற்குக் காரணம், அனுப்பியவரின் டொமைன் இருக்கிறதா என்று பார்க்க முடியாதபோது நம் சர்வர் "இல்லை" என்று சொல்லாமல் "பிறகு வா" என்று சொல்லும்படி இருப்பதுதான். அதற்கு 450 என்று தொடங்கும் பதில். அதைக் கேட்ட சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாள் விடாமல் முயலும். நமக்கு வர வேண்டியவை செவ்வாய் மதியத்திலிருந்து புதன் காலைக்குள் வந்து முடிந்தன.

2023 தேதியோடு கிடக்கும் உள் மெயில்களின் தேதியை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்கு ஒவ்வொருவரின் பெட்டிக்குள்ளும் கை வைக்க வேண்டும். தேடினால் கிடைக்கிற ஒன்றுக்காக அது தேவையில்லை.

எச்சரிக்கை ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வரிசையில் மெயில் தேங்கினால் எச்சரிக்கும் நிரல் தன் வேலையைச் செய்தது. காலை 9 மணிக்கே எச்சரிக்கையை எழுதி, எங்கள் வெளி முகவரிக்கு மெயிலாக அனுப்பியது. அதுவும் 63-இல் ஒன்று.

மீண்டும் நேராமலிருக்க

பேட்டரியை அன்றே மாற்றியாயிற்று. புதியது 3.1 வோல்ட் காட்டுகிறது. தொழிற்சாலைகளில் உள்ள சர்வர்களிலும் அளந்து பார்க்கிறோம். இனி அளவு எப்படி இருந்தாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவோம், நாள் குறித்த ஸ்டிக்கர் பெட்டியின் மேல் ஒட்டப்படும். விலை மிகக் குறைவு என்பதால் இதில் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

ஆனால் பேட்டரியை மட்டும் நம்பினால் வட்டம் அப்படியேதான் இருக்கும். அதை உடைக்க, குரோனிக்கு ரூட்டரின் எண் முகவரியை நேர மூலமாகக் கொடுத்துவிட்டோம்:

```
server 192.168.10.1 iburst
makestep 1 3
```

ரூட்டர் இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ் வழியே நேரத்தைப் பெறுகிறது. அன்பவுண்டை அது நம்பியிருக்கவில்லை. இரண்டாவது வரி, தொடங்கியதும் முதல் மூன்று அளவீடுகளுக்குள் நேரம் எவ்வளவு தவறாக இருந்தாலும் ஒரே தாவலில் திருத்தச் சொல்கிறது. அது முன்பே இருந்தது, பயன்படத்தான் வழியில்லை.

கையெழுத்துச் சரிபார்ப்பையே அணைத்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. ஏற்கவில்லை. பில்லும் வங்கிக் கணக்கு எண்ணும் போகும் மெயிலை யாரோ வேறு சர்வருக்குத் திருப்பிவிடாமல் தடுக்கும் காவல்களில் அதுவும் ஒன்று. ஜன்னலோரம் ஜிபிஎஸ் கருவி வைத்து வானத்திலிருந்தே நேரம் எடுக்கலாம், இணையமே வேண்டாம். நல்ல யோசனைதான், ஆனால் மூன்று இடத்துக்கும் வாங்குவதற்கு முன் இந்த மழைக்காலத்தில் ரூட்டர் வழி எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

உங்கள் கண்ணில் படும் மாற்றம் ஒன்றுதான். கடிகாரம் சரியாகும்வரை போஸ்ட்ஃபிக்ஸ் இனித் தொடங்காது:

```
[Service]
ExecStartPre=/usr/bin/chronyc waitsync 0 1
TimeoutStartSec=infinity
```

இதனால் இப்படி ஒரு நாள் மறுபடி வந்தால், மெயில் அனுப்பும்போது "அனுப்ப முடியவில்லை" என்று உங்கள் திரையிலேயே வரும். எரிச்சலாக இருக்கும். ஆனால் போகாத மெயிலைப் போய்விட்டதாக நினைத்து லாரியை நிறுத்திவைப்பதைவிட அது மேல் என்பது எங்கள் எண்ணம். வெளியிலிருந்து வருபவையும் அதுவரை வெளியிலேயே காத்திருந்து வரும்.

எச்சரிக்கைகள் இனி மெயிலில் மட்டும் வராது, சிம் போட்ட மோடம் வழியே எஸ்எம்எஸ்ஸாகவும் வரும். தேங்கிய மெயிலோடு கடிகார வேறுபாட்டையும் நிரல் கவனிக்கும். கோளாறு நடக்கும்போது சர்வரிலும் ரூட்டரிலும் ஒரே நேரத்தில் இருவர் கை வைக்கக் கூடாது. யார் எதைத் தொடுகிறார் என்பதை ஒருவர் போனில் இருந்து ஒழுங்குபடுத்துவார். மேலே சொன்ன நிறுத்தும், திருத்தும், தொடங்கும் வரிசையை அச்சிட்டுச் சர்வர் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.

சோதனையும் மாறுகிறது. இதுவரை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதையே சோதனை என்றிருந்தோம். இனி ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன், சர்வரை முறையாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி போட்டு நேரம் என்ன காட்டுகிறது என்று பார்ப்போம். குன்னூரில் முதல் சோதனை வரும் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. அன்று ஒரு மணி நேரம் மெயில் இருக்காது. குந்தாவில் அதற்கடுத்த வாரம். கோத்தகிரி சர்வரின் பேட்டரி 2.6 வோல்ட்தான் காட்டுகிறது. மாற்றுவதற்கு ஆள் போகும்வரை அங்கே யுபிஎஸ் ஒலி எழுப்பினால், இரவானாலும், சர்வர் அறைக் கதவில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.